சங்கத்துக்கு மிஷன், விஷன் எழுதுவது எப்படி? தேனீ வளர்ப்போர் குழுக்கள் கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கம் தேனீ வளர்ப்போர் சேர்ந்து சங்கமோ உற்பத்தியாளர் குழுவோ தொடங்கும்போது, யாராவது ஒருவர் மிஷன், விஷன் எழுதித் தரச் சொல்லிக் கேட்பார். அப்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உதாரணமெல்லாம் தேனிலிருந்தே எடுத்திருக்கிறேன். வேறு தொழிலில் இருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

மிஷன், விஷன் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு தடவை எழுதணும்?

மிஷன் என்பது இன்று, இந்தப் பருவத்தில், நீங்கள் யாருக்காக என்ன செய்கிறீர்கள் என்பது. விஷன் என்பது இதையே விடாமல் செய்தால் குறிப்பிட்ட ஒரு வருடத்தில் என்ன மாறியிருக்கும் என்பது. முதலாவதை நாளைக் காலையிலேயே வந்து சரிபார்க்கலாம். இரண்டாவதைச் சரிபார்க்க அந்தத் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து எழுதினால், "செய்கிறோமா?" என்று கேட்டால் "செய்யப்போகிறோம்" என்று தப்பித்துக்கொள்ள வழி கிடைத்துவிடும்.

பதிவு செய்யும்போதே நோக்கங்கள்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாச்சே. அது போதாதா?

போதாது. அது வேறு வேலைக்கானது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்தாலும், உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிவு செய்தாலும், அந்த நோக்கங்களை வேண்டுமென்றே அகலமாக எழுதுவார்கள். நாளைக்கு மெழுகு விற்கவோ பயிற்சி வகுப்பு நடத்தவோ தோன்றினால் சட்டம் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் காரணம். செய்ய அனுமதி உள்ள எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கும். அதிலிருந்து எதை எடுத்துச் செய்கிறீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்பதை மிஷன் சொல்ல வேண்டும். ஆகவே அது குறுகலாகத்தான் இருக்கும்.

எங்க ஆபீஸ் சுவரில் "தரமான தேன், வளமான வாழ்வு, உலகத் தரத்தை நோக்கி"ன்னு எழுதியிருக்கோம். இதில் என்ன குறை?

பலகைக்கு நன்றாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஆனால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. மூன்று விதமாகச் சோதித்துப் பாருங்கள்.

முதலில், அதற்கு நேர் எதிரானதை யாராவது சொல்வார்களா என்று பாருங்கள். "மட்டமான தேன், வறுமையான வாழ்வு" என்று எந்தச் சங்கமும் எழுதாது. எதிராகச் சொல்ல ஆளே இல்லாத வாக்கியத்தில் நீங்கள் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. அப்புறம், "தேன்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "முந்திரிப் பருப்பு" என்று போடுங்கள். வாக்கியம் அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் அது உங்களுடையது இல்லை.

மூன்றாவதுதான் கடினம். மார்ச் மாதம், ரப்பர் தேன் கொட்டும் நேரம். ஒரு வியாபாரி வண்டியோடு வந்து, "அளவெல்லாம் வேண்டாம், இருக்கிற தேன் மொத்தத்தையும் எடை போட்டு ரொக்கம் தருகிறேன்" என்கிறார். சுவரில் இருக்கும் வாக்கியம் கொடு என்கிறதா, வேண்டாம் என்கிறதா? இரண்டுக்கும் ஒத்துப்போகிறது என்றால் அது கோஷம். நல்ல மிஷன் அந்த நேரத்தில் தலைவருக்கோ செயலாளருக்கோ ஒரு பதிலைக் கையில் கொடுக்கும், அந்தப் பதில் பிடிக்காமல் போனாலும்.

ஒரு உதாரணத்தை முதலிலிருந்து கடைசி வரை எழுதிக் காட்டுங்க.

சரி. உறுப்பினர்கள் முப்பது பேர் உள்ள ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். பலருக்கு நூறு பெட்டிக்குள்தான். ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைக்கிறார்கள். இலையுதிர்வு முடிந்து புதுத் தளிர் வரும்போது, தை மாசி பங்குனியில்தான் வருடத்து வருமானமே. இங்கே தேன் பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலையும் சேரும் இடத்தில் உள்ள சுரப்பியிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. அது தண்ணீர்ப்பாங்காக வரும், கூடவே நம் மாவட்டத்துக் காற்றிலும் ஈரம் அதிகம். அதனால் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஈரப்பதம் கூடுதலாக இருப்பதுதான் இங்கே பழைய தலைவலி. உணவுப் பாதுகாப்புத் தரம் 20 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்தை ஏற்பதில்லை. அதற்கு மேலே போனால் தேன் புளித்து நுரைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இந்தக் குழுவினரோடு உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது வாசகம் அல்ல, புகார். போன பருவத்தில் எது உங்களை எரிச்சல்படுத்தியது? இரண்டு விஷயம் வந்தது என்று வைப்போம். ஒன்று, தேனீக்கள் அடையை மெழுகால் மூடும்வரை காத்திருந்து எடுத்தவருக்கும், மூடாத அடையை அவசரமாகப் பிழிந்தவருக்கும் ஒரே விலை. இன்னொன்று, தேனைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. மிஷனுக்கான சரக்கு இந்த இரண்டிலேயே இருக்கிறது. அதை இப்படி எழுதலாம்:

"விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் வட்டங்களில் 100 பெட்டிக்குள் வைத்திருக்கும் தேனீ வளர்ப்போரின் தேனை, அவர்கள் கண்முன்னே ஈரப்பதம் அளந்து, அந்த அளவுக்கேற்ற விலைக்கு வாங்குகிறோம். வாங்கிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் தருகிறோம். அளக்காத தேனை வாங்குவதில்லை. வெளியிலிருந்து வாங்கிய தேனை எங்கள் பெயரில் விற்பதில்லை."

அழகான தமிழ் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு துண்டையும் வெளியாள் ஒருவர் வந்து ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். மார்ச் மாத வியாபாரிக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது: அளந்துதான் வாங்குகிறோம், அதனால் அளந்துதான் விற்போம்.

விஷனுக்கு முதலில் வந்த வரைவு: "2030-க்குள் எல்லா உறுப்பினர்களும் தங்கள் தேன் முழுவதையும் சங்கத்துக்கே தருவார்கள்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பார்க்க வழியில்லை. அண்ணன் ஒருவர் இரண்டு கேனைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விற்றால் யாருக்குத் தெரியும்? அதே விஷயத்தை, அதாவது உறுப்பினர் சங்கத்தை நம்புகிறாரா என்பதை, நம் பதிவேட்டிலேயே தெரிகிற மாதிரி மாற்ற வேண்டும். போன பருவத்தில் தேன் தந்தவர் இந்தப் பருவத்திலும் தந்தாரா? இதை எண்ணலாம். ஆகவே:

"2030 ஏப்ரல் முடியும்போது, உறுப்பினர்கள் கொண்டுவரும் பத்து கேன்களில் ஆறு, சூடேற்றாமல், பெட்டியிலிருந்து எடுத்தபடியே 20 சதவீத ஈரப்பதத்துக்குள் இருக்கும். முந்தைய பருவத்தில் தேன் தந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தப் பருவத்திலும் தந்திருப்பார்கள்."

சரிபார்க்கலாம்னு சொல்றீங்க. எதை வச்சு, யார் சரிபார்க்கிறது?

வாக்கியத்தை எழுதும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே, "இது எந்த நோட்டில் தெரியும்?" என்று எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு இல்லாத துண்டு கோஷத்தின் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம்.

100 பெட்டி என்பது உறுப்பினர் பதிவேட்டில் தெரியும். ஈரப்பதம் கொள்முதல் நோட்டில், தேன் கொண்டுவந்தவரின் கையெழுத்தோடு இருக்கும். கையெழுத்து முக்கியம். அது இல்லாவிட்டால் "கண்முன்னே" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. 15 நாள் என்பது வங்கிக் கணக்கில் பணம் போன தேதியைக் கொள்முதல் தேதியோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

அளப்பதற்குக் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் போதும். ஒரு சொட்டுத் தேனை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். ஆனால் கேனின் மேலாக எடுத்த சொட்டும் அடியில் எடுத்த சொட்டும் ஒரே எண்ணைக் காட்டாது, ஈரம் கூடிய தேன் மேலே தங்கும். ஆகவே கிளறிவிட்டு எடுக்க வேண்டும். நுரை இருந்தாலோ உறைந்திருந்தாலோ எண்ணை நம்ப முடியாது. இந்த முறையையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் "உன் கேனை மேலே அளந்தான், என் கேனை அடியில் அளந்தான்" என்று முதல் வாரமே சண்டை வரும்.

கடைசித் துண்டு, வெளித் தேனைக் கலக்கவில்லை என்பது. இதை நிரூபிக்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 24 சதவீத ஈரப்பதம் உள்ள தேன் 100 கிலோ வாங்கினால், அதில் தண்ணீர் போக மீதி 76 கிலோ. ஈரப்பதம் குறைக்கும் இயந்திரத்தில் போட்டு 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், அந்த 76 கிலோ மொத்த எடையில் 80 சதவீதமாக இருக்கும். அதாவது மொத்தம் 95 கிலோ. ஐந்து கிலோ ஆவியாகப் போயிருக்க வேண்டும். வாங்கியது 100, விற்றது 100, நடுவில் ஈரப்பதமும் குறைந்தது என்று கணக்குக் காட்டினால் எங்கிருந்தோ ஐந்து கிலோ உள்ளே வந்திருக்கிறது. ஈரப்பதத்துக்கேற்ற விலை ஏன் நியாயம் என்பதற்கும் இதே கணக்குதான் காரணம். 24 சதவீதத் தேனுக்கு முழு விலை கொடுத்தால், நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ தண்ணீரைத் தேன் விலைக்கு வாங்குகிறீர்கள்.

சரிபார்க்கும் ஆள் நிர்வாகக் குழுவில் இல்லாத உறுப்பினராக இருப்பது நல்லது. பருவம் முடிந்ததும் மூன்று நோட்டையும் எடுத்து இருபது கேனைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து பார்த்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

எண் போடணும்னா "வருஷத்துக்கு இத்தனை டன் சேகரிப்போம்"னு போடலாமே? வங்கிக்காரங்களுக்கும் புரியும்.

தேன் தொழிலில் மிகவும் ஆபத்தான எண் இதுதான். டன்னை இலக்காக வைத்த நாளிலிருந்து, எடை கூட்டுகிற எல்லாமே நல்லதாகத் தெரிய ஆரம்பிக்கும். அடையில் முக்கால்வாசி அறைகளாவது மெழுகு மூடிய பிறகு எடுப்பதுதான் முறை. ஆனால் மூடாத அடையைப் பிழிந்தால் வாரத்துக்கு ஒரு தரம் கூடுதலாக எடுக்கலாம், எடையும் கூடும். கூடுவது தண்ணீர்தான். இலக்கு எட்டிவிடும், கிடங்கில் கேன்கள் நுரைக்கும்.

ஆகவே எண்ணைத் தேர்ந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் சோம்பேறியாகவோ ஏமாற்றுக்காரனாகவோ இருந்தால், வேலையைச் செய்யாமல் இந்த எண்ணை எப்படி எட்டுவேன்?" ஈரப்பத எண்ணையும் இப்படி ஏமாற்றலாம். கேனை அடுப்பில் ஏற்றித் தண்ணீரை விரட்டினால் 20-க்குள் வந்துவிடும், தேன் கெட்டுவிடும். அதனால்தான் மேலே "சூடேற்றாமல், பெட்டியிலிருந்து எடுத்தபடியே" என்ற சொற்கள் இருக்கின்றன. சூடேற்றியதைக் காட்டிக்கொடுக்க எச்.எம்.எஃப். என்ற சோதனை உண்டு. தேனைச் சூடாக்கும்போதும் நாள்பட வைக்கும்போதும் உண்டாகும் பொருள் அது. தரக்கட்டுப்பாட்டில் அதற்கு உச்சவரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம். ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும் என்பதால் ஒவ்வொரு கேனுக்கும் வேண்டாம், பருவத்துக்கு சில மாதிரிகள் அனுப்பினால் போதும்.

டன் கணக்கு வங்கிக்கு வேண்டுமென்றால் தொழில் திட்டத்தில் தாராளமாகப் போடுங்கள். அங்கே அதற்கு இடம் இருக்கிறது.

பத்துக்கு ஆறு, பத்துக்கு ஒன்பதுன்னு எண்ணை எங்கிருந்து எடுக்கிறது?

இன்றைய நிலையை அளந்துவிட்டு. ஒரு பருவம் முழுக்க விலையை மாற்றாமல், யாரையும் திட்டாமல், வரும் கேன்களை அளந்து எழுதி மட்டும் வையுங்கள். பத்துக்கு இரண்டுதான் 20-க்குள் இருக்கிறது என்று தெரிந்தால், ஆறு என்பது நாலைந்து பருவத்துக்கான உழைப்பு. பத்துக்கு ஐந்து ஏற்கெனவே இருந்தால், ஆறு என்பது ஒரு நல்ல வெயில் வருடத்தில் தானாகவே வந்துவிடும், அதற்கு விஷன் தேவையில்லை. அளக்காமல் "நூறு சதவீதம்" என்று எழுதுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நம் ஊர் ஈரத்தில் அது நடக்காது என்று பெட்டி வைத்த எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

அளந்த எண் இன்னும் கையில் இல்லையா? எண்ணுக்குரிய இடத்தைக் காலியாக விட்டு, "2027 மே மாதம் நிரப்புவோம்" என்று எழுதுங்கள். கற்பனை எண்ணைவிட அது எவ்வளவோ மேல்.

மாசியில் மழை பெஞ்சா தேனே கிடையாது. இலையில நோய் விழுந்தாலும் அப்படித்தான். எங்க கையில் இல்லாததுக்கு எப்படி வாக்குக் கொடுக்க?

கொடுக்காதீர்கள். விளைச்சல் வானத்தின் கையில். தளிர்விடும் நேரத்தில் மழையோ, சாம்பல்நோயால் இலை உதிர்வோ வந்தால் எந்தச் சங்கமும் ஒன்றும் செய்ய முடியாது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்தபோது தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் குடும்பங்கள் பெருமளவு அழிந்தன. அப்போது இருந்த எந்தக் குழுவும் "இத்தனை டன்" என்று வாக்குக் கொடுத்திருந்தால் அந்த வாசகம் அத்தோடு முடிந்திருக்கும்.

அதனால்தான் உதாரணத்தில் எல்லாமே விகிதமாகவோ நம் நடத்தையாகவோ இருக்கிறது. வந்தது பத்து கேன்தான் என்றாலும் பத்தையும் அளக்கலாம், பத்துக்கும் 15 நாளில் பணம் தரலாம். மோசமான வருடத்திலும் காப்பாற்றக்கூடிய வாக்குத்தான் மிஷனில் இருக்க வேண்டும். ஈரப்பத விகிதம் மழையால் கொஞ்சம் ஆடும், உண்மைதான். ஒரு பருவத்தின் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் மூன்று பருவத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

அப்போ பெரிய கனவே காணக் கூடாதா? எல்லாம் நோட்டும் கேனுமா இருக்கே.

காணலாம். பெரியதாக இருப்பதற்கும் சோதிக்க முடியாமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவிலிருந்து போலியோவை ஒழிப்பது என்பது எவ்வளவு பெரிய கனவு! ஆனால் எப்போது ஒழிந்தது என்று சொல்வோம் என்பதை முன்கூட்டியே வரையறுத்திருந்தார்கள்: கண்காணிப்பு நடந்துகொண்டிருக்க, குறைந்தது மூன்று ஆண்டுகள் இயற்கையான போலியோ வைரஸால் ஒரு நோயாளிகூட வரக் கூடாது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில். சான்றிதழ் 2014 மார்ச்சில். இடைப்பட்ட மூன்று வருடமும் ஒவ்வொரு சந்தேக நோயாளியையும் தேடிச் சோதித்தார்கள். "போலியோ இல்லாத வளமான பாரதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த நாளில் நிறுத்திக் கொண்டாடுவது என்றே தெரிந்திருக்காது.

எங்களோடது வியாபாரம் இல்ல. கடலோரக் கிராமத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துறோம். இது பொருந்துமா?

பொருந்தும். "அறிவொளி ஏற்றுவோம்" என்பதற்குப் பதிலாக: "எங்களிடம் ஒரு வருடம் முழுதும் வந்த, மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும், முன்பு பார்த்திராத ஒரு தமிழ்ப் பத்தியைத் தானாக வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும்." மே மாதம் வெளியாள் ஒருவர் ஒரு பத்தியோடு வந்தால் போதும். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதை மட்டும் எண்ணாதீர்கள், சுண்டல் கொடுத்தாலே அந்த எண் கூடிவிடும்.

யார் எழுதணும்? தலைவரே எழுதிட்டா சீக்கிரம் முடியுமே.

எழுதுவது ஒருவர்தான். பத்துப் பேர் சேர்ந்து வாக்கியம் எழுதினால் ஆளுக்கொரு சொல்லைச் செருகி அது மறுபடி கோஷமாகிவிடும். ஆனால் புகார்களைச் சேகரிப்பதும், எழுதியதை உடைத்துப் பார்ப்பதும் கூட்டத்தில் நடக்க வேண்டும். வரைவை வாசித்துவிட்டு, அதிகம் பேசாத ஒரு அக்காவிடமோ, நாலு பெட்டி மட்டும் வைத்திருக்கும் தம்பியிடமோ, "இதன்படி போன பருவத்தில் நாம் செய்த எது தப்பாகியிருக்கும்?" என்று கேளுங்கள். ஒன்றுமே தப்பில்லை என்று பதில் வந்தால் வரைவு இன்னும் மொட்டையாக இருக்கிறது.

எந்த உறுப்பினரையாவது வெளியே தள்ளுகிற வரியில்தான் சண்டை வரும். மேலே சொன்ன உதாரணத்தில் 100 பெட்டி என்ற வரம்பு அப்படிப்பட்டது. முன்னூறு பெட்டிக்காரர் கோபப்படுவார். அதைப் பேசித் தீர்க்காமல் "அனைத்துத் தேனீ வளர்ப்போரும்" என்று மாற்றினால், கொள்முதல் நாளில் பெரிய வண்டி முதலில் நிற்கும், பத்து கேன்காரர் வெயிலில் காத்திருப்பார். பெரியவர்களையும் சேர்க்க முடிவெடுத்தால் சேர்க்கலாம். ஆனால் யாருக்கு முன்னுரிமை என்பதை அந்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

எத்தனை வரி இருக்கலாம்?

உறுப்பினர் ஒருவர் போனில் இன்னொருவருக்குப் பார்க்காமல் சொல்ல முடிகிற அளவு. மிஷன் நாலு வாக்கியத்தைத் தாண்டினால் வேலைத்திட்டம் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

எழுதின வாக்கை ஒரு வருஷம் காப்பாத்த முடியலைன்னா வாசகத்தையே மாத்திடலாமா?

முதலில் எந்தத் துண்டு தவறியது என்று பாருங்கள். பணம் 15 நாளில் போகாமல் 40 நாளில் போனது என்றால், பெரும்பாலும் வாங்குபவர் உங்களுக்குத் தாமதமாகத் தருகிறார், கையில் நடைமுறை மூலதனம் இல்லை. அப்போது 15-ஐ 40 என்று திருத்துவது தேர்வுத் தாளைத் திருத்துவது மாதிரி. கடன் வரம்புக்கு ஏற்பாடு செய்யலாம், அல்லது அந்தப் பருவத்தில் குறைவாக வாங்கி வாங்கியதற்கு ஒழுங்காகப் பணம் தரலாம். அதேசமயம், உறுப்பினர்களே "எங்களுக்கு 30 நாள் ஆனாலும் பரவாயில்லை, விலை கூடக் கிடைத்தால் போதும்" என்று சொன்னால் அது நியாயமான திருத்தம்.

மாற்றுவதென்றால் பருவம் தொடங்கும் முன், டிசம்பருக்குள், பொதுக்குழுவில் மாற்றுங்கள். பழைய வரியையும் தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் வைத்திருங்கள். பருவத்தின் நடுவில், வண்டி வாசலில் நிற்கும்போது மட்டும் எந்தத் திருத்தமும் வேண்டாம்.